எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒன்றல்ல

"இரட்டைப் பிணைப்பை நடுவில் வெட்டு. ஒரு துண்டின் நுனியில் ஆக்ஸிஜனைப் போடு, மற்றதில் டிரைஃபீனைல் பாஸ்பீனைப் போடு. எதில் எது என்பது உன் விருப்பம். இரண்டும் சரி." விட்டிக் வினையைப் பற்றி முதுகலை வகுப்புகளிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களிலும் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இவ்வளவுதான். விடைத்தாளில் மாணவர் எந்தப் பக்கம் பாஸ்பரஸைப் போட்டாலும் முழு மதிப்பெண் கிடைக்கிறது. இந்தப் பாடம் தவறு என்பது என் வாதம். கொஞ்சம் குறையுள்ள பாடம் என்று சொல்லி இதை விட்டுவிட முடியாது. வினையின் பயன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தையே இது அழித்துவிடுகிறது.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாஸ்பரஸ் இலைடு என்பது பாஸ்பரஸில் நேர்மின்னும் அதை அடுத்த கார்பனில் எதிர்மின்னும் கொண்ட சேர்மம். அந்தக் கார்பன் ஆல்டிஹைடின் அல்லது கீட்டோனின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. பாஸ்பரஸும் ஆக்ஸிஜனும் பிணைந்து ஆக்ஸாபாஸ்பெட்டேன் என்ற நான்கு அணு வளையம் உருவாகிறது. வளையம் உடையும்போது பாஸ்பீன் ஆக்ஸைடு வெளியேறுகிறது, இரு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு நிற்கிறது. கியோர்க் விட்டிக்கும் அவரது மாணவர்களும் 1953, 1954ஆம் ஆண்டுகளில் வெளியிட்டதும், 1979இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்ததும் இந்த வினைதான். இரட்டைப் பிணைப்பு எந்த இடத்தில் வரும் என்பதில் ஐயமே இல்லாதது இதன் பெரும் சிறப்பு. ஆல்கஹாலிலிருந்து நீரை நீக்கினால் பிணைப்பு இடம் மாறக்கூடும், இங்கே மாறாது. விளைபொருளைப் பார்த்து எந்தக் கார்பன் இலைடிலிருந்து வந்தது, எந்தக் கார்பன் கார்பனைலிலிருந்து வந்தது என்று சொல்லவும் முடியாது. ஆகவே இரு வெட்டும் சமம் என்று நினைப்பது இயல்பு. தாளில் அது சமம்தான்.

ஆனால் பின்னோக்குத் தொகுப்பு என்பது தாளில் அம்புக்குறி போடும் பயிற்சியா? நாளை காலையில் எந்தப் பாட்டிலைத் திறப்பது என்ற முடிவு அது. அந்த முடிவை எடுக்க வேண்டியவரிடம் "உன் விருப்பம்" என்று சொல்வது விடையாகாது. என் மறுப்புகள் ஐந்து.

1. இலைடு வானத்திலிருந்து விழுவதில்லை

இந்தப் பாடம் இலைடிலிருந்து தொடங்குகிறது. கண்ணாடிக்குடுவையில் வேலை அதற்கு இரண்டு படி முன்னால் தொடங்குகிறது. முதலில் ஒரு ஆல்கைல் ஹாலைடு வேண்டும். அதை டிரைஃபீனைல் பாஸ்பீன் பின்புறமிருந்து தாக்கி ஹாலைடை வெளியேற்ற வேண்டும். அப்போது கிடைக்கும் பாஸ்போனியம் உப்பிலிருந்து ஒரு வலிமையான காரம் புரோட்டானைப் பறித்தால்தான் இலைடு. ஆக, எந்தத் துண்டை இலைடாக்கலாம் என்பது, அந்தத் துண்டின் ஹாலைடைப் பாஸ்பீன் தாக்க முடியுமா என்பதைப் பொறுத்தது.

மெத்திலீன்சைக்ளோஹெக்ஸேனை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் முதலில் வரும் எடுத்துக்காட்டு இதுதான். ஒரு வெட்டில் சைக்ளோஹெக்ஸனோனும் மெத்திலீன் இலைடும் கிடைக்கின்றன. மெத்தில் அயோடைடையும் டிரைஃபீனைல் பாஸ்பீனையும் டொலுயீனில் கலந்தால் அறை வெப்பநிலையிலேயே வெண்ணிற உப்பு படிந்துவிடும். வடிகட்டி, டொலுயீனால் கழுவி, உலர்த்தினால் வேலை முடிந்தது.

இனி மறு வெட்டு. சைக்ளோஹெக்ஸைல் புரோமைடும் ஃபார்மால்டிஹைடும் வேண்டும். சைக்ளோஹெக்ஸைல் புரோமைடு இரண்டாம் நிலை ஹாலைடு. மூன்று ஃபீனைல் வளையங்களைச் சுமக்கும் பருமனான பாஸ்பீன் அந்தக் கார்பனை நெருங்கத் திணறுகிறது. சூடேற்றினால் ஹைட்ரஜன் புரோமைடு கழன்று சைக்ளோஹெக்ஸீன் உருவாகும் வினை போட்டிக்கு வருகிறது. இதில் ஏமாற்றமும் உண்டு. கழன்ற ஹைட்ரஜன் புரோமைடு பாஸ்பீனோடு சேர்ந்து தானும் ஒரு வெண்ணிற உப்பைத் தரும். குடுவையின் அடியில் வெள்ளைத் திண்மம் படிந்திருப்பதைப் பார்த்து உப்பு வந்துவிட்டது என்று நம்பி அடுத்த படிக்குப் போகிறவருக்கு அங்கே இலைடு கிடைக்காது. என்.எம்.ஆரில் வளையத்தின் ஹைட்ரஜன்கள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே நகர வேண்டும்.

மூன்றாம் நிலை ஹாலைடைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அந்தக் கார்பனில் பாஸ்பரஸ் ஏறினாலும் பறிக்க ஹைட்ரஜன் மிச்சமிருக்காது. அங்கே இலைடுக்கு இடமே இல்லை.

2. கார்பனைலும் வெறும் கோடு அல்ல

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டாமா? அதே எடுத்துக்காட்டின் இரண்டாம் வெட்டு ஃபார்மால்டிஹைடு கேட்கிறதே, அது எங்கிருந்து வரும்? ஆய்வகத்தில் அது நீரில் கரைந்த ஃபார்மலினாகவோ, நீண்ட சங்கிலியாகிவிட்ட பாராஃபார்மால்டிஹைடாகவோதான் இருக்கிறது. நிலைப்படுத்தப்படாத இலைடு நீரைத் தொட்டதும் அழிந்துவிடும். பாராஃபார்மால்டிஹைடைச் சூடாக்கி வாயுவாக்கிக் குடுவைக்குள் செலுத்தலாம். ஆனால் அதே விளைபொருளுக்குச் சைக்ளோஹெக்ஸனோன் என்ற சாதாரண திரவம் அலமாரியில் இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு?

ஆல்டிஹைடுக்கும் கீட்டோனுக்கும் உள்ள வேறுபாடு இதைவிட முக்கியம். ஆல்டிஹைடு சுறுசுறுப்பானது, இட நெருக்கடி குறைந்தது. எல்லா இலைடுகளும் அதோடு வினைபுரியும். கீட்டோன் அப்படியல்ல. எதிர்மின்னை எஸ்டர் தொகுதி ஈர்த்து வைத்திருக்கும் நிலைப்படுத்தப்பட்ட இலைடு, ஆல்டிஹைடோடு அறை வெப்பநிலையில் வினைபுரியும். கீட்டோனோடு நீண்ட நேரம் சூடாக்கினாலும் பல வேளைகளில் தயங்கும். அந்த இடத்தில் பாஸ்போனேட் எஸ்டரைப் பயன்படுத்தும் ஹார்னர்-வாட்ஸ்வொர்த்-எம்மன்ஸ் முறைக்கு மாறுவதே வழக்கம்.

எதிர்முனையில் உள்ள இலைடுக்கு வேறொரு நோய். நிலைப்படுத்தப்படாத இலைடு கார்பனைலைத் தாக்கும் ஆற்றல் உடையது, கூடவே வலிமையான காரமும்கூட. கீட்டோனின் அருகில் எளிதில் பறிக்கக்கூடிய ஹைட்ரஜன் இருந்து, இலைடும் பருமனாக இருந்தால், அது கார்பனைத் தாக்குவதற்குப் பதில் ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்ளும். கீட்டோன் ஈனோலேட்டாகிவிடும், இலைடு பழையபடி உப்பாகிவிடும். நீர் ஊற்றியதும் கீட்டோன் திரும்ப வரும். சைக்ளோபென்டனோன் இதற்குப் பெயர்போனது.

இதைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இலைடின் நிறம் போய்விட்டால் வினை முடிந்தது என்பது ஆய்வகத்தில் புழங்கும் நம்பிக்கை. இலைடு புரோட்டானைப் பெற்றாலும் நிறம் போகத்தானே செய்யும்? நிறம் போனது இலைடு தீர்ந்ததற்கு மட்டுமே சான்று, ஆல்கீன் வந்ததற்குச் சான்று அல்ல. டி.எல்.சி. தட்டில் ஆல்கீனுக்குரிய புள்ளி மேலே ஏறியிருக்கிறதா, கீட்டோன் புள்ளி அப்படியே நிற்கிறதா, அடிக்கோட்டில் பாஸ்போனியம் உப்பு அசையாமல் கிடக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

3. சிஸ் வேண்டுமா, டிரான்ஸ் வேண்டுமா?

"எந்தப் பக்கம் வெட்டினாலும் விளைபொருள் ஒன்றே" என்ற வாக்கியம் நேரடியாகப் பொய்யாவது இந்த இடத்தில். C6H5CH=CHCH3 என்ற எளிய மூலக்கூறைப் பாருங்கள். இதற்கு இரு வடிவங்கள் உண்டு. ஃபீனைலும் மெத்திலும் ஒரே பக்கம் இருந்தால் சிஸ், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் டிரான்ஸ்.

முதல் வெட்டு: பென்சால்டிஹைடும் எத்தில் ஹாலைடிலிருந்து வரும் இலைடும். இந்த இலைடின் எதிர்மின்னைத் தாங்க அருகில் எதுவும் இல்லை, அதாவது நிலைப்படுத்தப்படாத வகை. ஆல்டிஹைடோடு இது பெரும்பகுதி சிஸ் வடிவத்தைத் தரும். லித்தியம் உப்புகள் இல்லாத சூழலில், சோடியம் அல்லது பொட்டாசியம் காரம் கொண்டு இலைடைச் செய்தால், சிஸ் பங்கு இன்னும் கூடும்.

இரண்டாம் வெட்டு: அசிட்டால்டிஹைடும் பென்சைல் ஹாலைடிலிருந்து வரும் இலைடும். பென்சைல் உப்பைச் செய்வது மிக எளிது. ஆனால் இந்த இலைடின் எதிர்மின்னை ஃபீனைல் வளையம் பாதி தாங்குகிறது. அரைகுறையாக நிலைப்படுத்தப்பட்ட இவ்வகை இலைடுகள் சிஸ்ஸையும் டிரான்ஸையும் கலந்தே தரும். இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. தவிர, அசிட்டால்டிஹைடு 20 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும் திரவம். அதை அளந்து ஊற்றுவதே ஒரு பாடு.

காரணம் மாயமானதல்ல. நிலைப்படுத்தப்படாத இலைடில் நான்கு அணு வளையம் விரைவாகவும் திரும்பிச் செல்லாமலும் உருவாகிறது. அந்த வளையம் மூடும் கணத்திலேயே வடிவம் முடிவாகிவிடுகிறது. எட்வின் வெடெஜ்ஸும் அவரது குழுவும் 1973இல் வினைக்கலவையைக் குளிரிலேயே வைத்துப் பாஸ்பரஸ் என்.எம்.ஆரில் பார்த்து, ஆக்ஸாபாஸ்பெட்டேனை நேரடியாகக் கண்டார்கள். நிலைப்படுத்தப்பட்ட இலைடில் வளையம் மூடும் நிலை வேறு வடிவம் கொள்வதால் டிரான்ஸ் மேலோங்குகிறது. ஆக, வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இலைடின் தன்மைதான். எந்தத் துண்டை இலைடாக்குகிறோம் என்று முடிவெடுக்கும்போதே சிஸ்ஸா டிரான்ஸா என்பதையும் முடிவெடுக்கிறோம்.

எத்தில் சின்னமேட்டைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். எஸ்டர் உள்ள பக்கத்தை இலைடாக்கி, பென்சால்டிஹைடோடு டைகுளோரோமீத்தேனில் கலக்கினால் டிரான்ஸ் வடிவமே மேலோங்கி வரும். என்.எம்.ஆரில் இரு ஆல்கீன் ஹைட்ரஜன்களுக்கிடையே 16 ஹெர்ட்ஸ் பிணைப்பு மாறிலி தெரியும். சிஸ்ஸாக இருந்தால் அது 12ஐ ஒட்டி இருக்கும். மாற்றி வெட்டினால் எத்தில் கிளையாக்ஸிலேட் வேண்டும். அதுவோ தானாகவே சங்கிலியாகிவிடும் இயல்புடையது. மறுபக்கம் அரைகுறை நிலைப்பு கொண்ட பென்சைல் இலைடு, அதாவது வடிவக் கலவை. ஒரு வெட்டு எல்லா வகையிலும் நல்லது, மற்றது எல்லா வகையிலும் கெட்டது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் தருவது எந்த நியாயம்?

4. இரு துண்டுகளும் ஒரே துன்பத்தைப் படுவதில்லை

இலைடாகப் போகும் துண்டு பாஸ்பீனோடு சூட்டையும், பிறகு வலிமையான காரத்தையும் தாங்க வேண்டும். கார்பனைலாகப் போகும் துண்டு இலைடை மட்டும் தாங்கினால் போதும். மேலும் இலைடைக் கொஞ்சம் அதிகமாக எடுப்பதே வழக்கம். காற்றிலும் ஈரத்திலும் ஒரு பகுதி வீணாகும் என்பதால் அப்படி எடுக்கிறோம். அப்படியானால் பத்துப் படிகள் கடந்து சேர்த்த விலைமதிப்புள்ள துண்டை எங்கே வைப்பது? கார்பனைல் பக்கம்தான்.

ஈ. ஜே. கோரேயின் குழு 1969இல் வெளியிட்ட புரோஸ்டாகிளாண்டின் தொகுப்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ஐந்து அணு வளையமும் அதன் மேலுள்ள ஆக்ஸிஜன் தொகுதிகளும் சரியான திசையில் அமைந்த துண்டுதான் அரும்பாடுபட்டுச் சேர்த்தது. அது லாக்டாலாக, அதாவது ஆல்டிஹைடு தன் ஆல்கஹாலோடு சேர்ந்து மறைந்திருக்கும் வடிவில், வினைக்குள் வருகிறது. எதிரே நிற்பது 5-புரோமோபென்டனாயிக் அமிலத்திலிருந்து செய்யும் பாஸ்போனியம் உப்பு. அது எளிதில் செய்யக்கூடியது, தாராளமாக எடுக்கலாம். அதன் கார்பாக்ஸிலிக் அமில ஹைட்ரஜனையும் பறிக்க வேண்டியிருப்பதால் காரம் இரு மடங்கு போகிறது, அவ்வளவே. அந்த இலைடு நிலைப்படுத்தப்படாதது. புரோஸ்டாகிளாண்டினுக்கு அந்த இடத்தில் தேவைப்படும் சிஸ் இரட்டைப் பிணைப்பை அதுவே தந்துவிடுகிறது.

இதையே திருப்பி வெட்டியிருந்தால்? வளையம் சுமந்த அந்த அரிய துண்டை ஹாலைடாக்கி, பாஸ்பீனோடு சூடாக்கி, காரத்துக்கு இரையாக்கி, அதிலும் ஒரு பகுதியை வீணாக்க வேண்டியிருக்கும். தாளில் இரண்டும் ஒரே கோடுதான். ஆய்வகத்தில் ஒன்று பல மாத உழைப்பைக் காக்கிறது, மற்றது அதைப் பணயம் வைக்கிறது.

5. "முதல்நிலை ஹாலைடுதான் இலைடு" என்பதும் முழு உண்மையல்ல

இதுவரை சொன்னதை ஏற்கும் ஆசிரியர்கள் சிலர் ஒரு விதியை வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். குறைவான பதிலிகள் கொண்ட கார்பனை இலைடாக்கு, அதிகப் பதிலிகள் கொண்டதைக் கீட்டோனாக்கு என்பது அந்த விதி. முதல் மறுப்பிலிருந்து பிறந்த விதி அது, பல இடங்களில் சரியான விடையையும் தரும். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் வேறொரு குழியில் விழுவோம். அந்தக் குழியை நெருங்கிப் பார்ப்பதற்கு C6H5CH=C(CH3)2 பொருத்தமான மூலக்கூறு. இதில் சிஸ், டிரான்ஸ் சிக்கல் இல்லை, ஒரு முனையில் இரண்டு மெத்தில்கள். ஆகவே துணைகளின் தேர்வை மட்டும் தனியே பார்க்கலாம்.

விதி சொல்வது: பென்சைல் இலைடு, அசிட்டோன். பென்சைல் குளோரைடும் டிரைஃபீனைல் பாஸ்பீனும் சேர்ந்து அருமையான உப்பைத் தரும். காரம் சேர்த்ததும் ஆரஞ்சு நிறம் வரும். இதுவரை எல்லாம் நன்று. அசிட்டோனை ஊற்றிய பிறகு அந்த நிறம் மெல்லத்தான் வெளுக்கும். இலைடு ஏற்கெனவே பாதி நிலைப்பட்டது, எதிரே நிற்பதோ ஆல்டிஹைடைவிடச் சோம்பலான கீட்டோன். வேகம் குறைவு, விளைச்சலும் குறைவு. அவசரப்பட்டுக் காரத்தை அதிகம் சேர்த்தாலோ, அது அசிட்டோன் தன்னோடு தானே சேரும் பக்கவினையைத் தூண்டிவிடும்.

விதி தடுப்பது: ஐசோபுரோப்பைல் உப்பு, பென்சால்டிஹைடு. உப்பைச் செய்வது கடினம் என்பது உண்மை. ஆனால் முடியாததல்ல. சைக்ளோஹெக்ஸைலைப் போலன்றி இங்கே இரு மெத்தில்கள்தான். அயோடைடு வெளியேறுவதும் எளிது. 26.2 கிராம் டிரைஃபீனைல் பாஸ்பீனை, அதாவது 0.1 மோலை, 34 கிராம் 2-அயோடோபுரோப்பேனோடு கரைப்பான் இல்லாமல் ஒரு நாள் கொதிநிலையில் வைக்கலாம். அயோடைடு இரு மடங்கு இருக்கிறது, அதுவே கரைப்பானாகவும் உதவும். ஆறியதும் திண்மத்தைப் பொடித்து டொலுயீனால் கழுவினால் மிஞ்சிய பாஸ்பீன் கரைந்து போய்விடும், உப்பு கரையாது. பிறகு வெற்றிடத்தில் நன்றாக உலர்த்த வேண்டும். 18 மில்லிகிராம் நீர் ஒட்டியிருந்தாலே ஒரு மில்லிமோல் பியூட்டைல் லித்தியம் அதற்கே போய்விடும்.

வினைக்கு வருவோம். 10 மில்லிமோல் பென்சால்டிஹைடுக்கு, அதாவது 1.06 கிராமுக்கு, 12 மில்லிமோல் உப்பு எடுக்கிறோம். அது 5.19 கிராம். நைட்ரஜன் சூழலில் 40 மி.லி. உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானில் அதைக் கலக்கி, பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்து, 2.5 மோலார் பியூட்டைல் லித்தியம் 4.6 மி.லி. சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். கணக்கைக் கவனியுங்கள். காரம் 11.5 மில்லிமோல்தான், உப்பைவிடக் குறைவு. காரம் மிஞ்சினால் அது நேராகப் பென்சால்டிஹைடைத் தாக்கி ஆல்கஹாலாக்கிவிடும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. வெண்ணிறக் கலங்கல் அடர் சிவப்பாகும். அரை மணி நேரம் கழித்துப் பென்சால்டிஹைடைக் கொஞ்சம் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்துச் சேர்த்தால், அது விழும் இடத்திலேயே சிவப்பு வெளுப்பதைக் காணலாம். அடுத்திருக்கும் கார்பனில் பறிக்க ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடு இது. ஈனோலேட்டாகும் வழியே இதற்கு இல்லை. ஆகவே இங்கே நிறம் வெளுப்பதை நம்பலாம். சுறுசுறுப்பான இலைடும் சுறுசுறுப்பான கார்பனைலும் சந்திக்கும் வெட்டு இதுதான்.

பிரித்தெடுக்கும் வேலையில் ஒரு சொல். முழுவதும் மாறினால் விளைபொருள் 1.32 கிராம், கூடவே வரும் பாஸ்பீன் ஆக்ஸைடு 2.78 கிராம். வேண்டியதைவிட வேண்டாதது இரு மடங்கு. கரைப்பானை ஆவியாக்கி, எச்சத்தை ஹெக்ஸேனில் கலக்கினால் ஆக்ஸைடின் பெரும்பகுதி கரையாமல் நிற்கும். வடிகட்டி, சிறிய சிலிக்கா பத்தியின் வழியே ஹெக்ஸேனால் இறக்கினால், துருவமற்ற ஹைட்ரோகார்பன் முன்னால் ஓடிவந்துவிடும், மிஞ்சிய ஆக்ஸைடு மேலேயே ஒட்டிக்கொள்ளும். இந்தச் சுமை எந்தப் பக்கம் வெட்டினாலும் உண்டு. அதனால் அது தேர்வுக்குக் காரணமாகாது.

ஐசோபுரோப்பைல் இலைடும் ஆல்டிஹைடும் சேரும் இந்த வெட்டு, டெர்பீன் மூலக்கூறுகளின் நுனியில் (CH3)2C=CH என்ற பகுதியைப் பொருத்துவதற்குத் தொகுப்பு வேதியியலாளர்கள் தொடர்ந்து பயன்படுத்தும் வழி. அவர்கள் விதியை மீறவில்லை. இரண்டு தடைகளை எடைபோட்டு, ஒரு நாள் சூடாக்கினால் தாண்டக்கூடிய தடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வைட்டமின் ஏ உற்பத்தி இந்த விதிக்கு இன்னொரு பதில் சொல்கிறது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம், ஹோர்ஸ்ட் பாமர் வளர்த்தெடுத்த முறையில், 15 கார்பன் கொண்ட பாஸ்போனியம் உப்பையும் 5 கார்பன் கொண்ட ஆல்டிஹைடு அசிட்டேட்டையும் சேர்த்து வைட்டமின் ஏ அசிட்டேட்டைச் செய்கிறது. அந்த 15 கார்பன் உப்பு எதிலிருந்து வருகிறது? வினைல்-பீட்டா-அயனால் என்ற மூன்றாம் நிலை ஆல்கஹாலிலிருந்து. முதல் மறுப்பில் மூன்றாம் நிலைக்கு இடமில்லை என்று நானே எழுதினேன். இங்கே நடப்பது வேறு. அமிலச் சூழலில் ஆல்கஹால் நீரை இழந்ததும், நேர்மின் பக்கத்து இரட்டைப் பிணைப்பின் வழியே பரவுகிறது. பாஸ்பீன் நெருக்கடியான நடுக் கார்பனை விட்டுவிட்டு, திறந்திருக்கும் நுனிக் கார்பனில் ஏறுகிறது. கிடைப்பது முதல்நிலை உப்பு. ஹாலைடு செய்யும் படியே தேவையில்லை. திருப்பி வெட்டினால் 15 கார்பன் ஆல்டிஹைடைத் தனியாகச் செய்ய வேண்டும். கையில் இருக்கும் மூலப்பொருள் எது என்பதும் வெட்டை முடிவுசெய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

எதிர்த்தரப்பு இன்னும் இரண்டு வாதங்களை வைக்கக்கூடும்.

முதலாவது: "உப்புகள் கடையில் கிடைக்கின்றன, பிறகென்ன?" மெத்தில், எத்தில், ஐசோபுரோப்பைல், பென்சைல் உப்புகள் கிடைக்கின்றன என்பது சரி. அவற்றோடு முதல் சிக்கல் மட்டும்தான் தீர்கிறது. கீட்டோனின் சோம்பலையும், ஈனோலேட்டாகும் பழக்கத்தையும், சிஸ்-டிரான்ஸ் கலவையையும் கடை தீர்த்துவைக்காது. ஒரு ஆய்வாளர் தன் மூலக்கூறுக்கென்று செய்யும் துண்டின் உப்போ எந்தப் பட்டியலிலும் இருக்காது.

இரண்டாவது: "தேர்வில் தர்க்கம்தான் முக்கியம், நடைமுறை பிறகு வரும்." எந்தத் தர்க்கம்? பாஸ்பீன் எந்தக் கார்பனைத் தாக்கும், எந்தக் கார்பனைல் வேகமானது, எந்த இலைடு எந்த வடிவத்தைத் தரும் என்பவைதான் இந்த வினையின் தர்க்கம். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கோட்டை வெட்டி இரு எழுத்துகளை ஒட்டும் வேலை. அதற்கு வேதியியல் தேவையில்லை.

இந்தப் பாடத்தின் விளைவு இன்னொன்றும் உண்டு. எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம் என்று பழகியவர், எல்லா இரட்டைப் பிணைப்பையும் இந்த வினையால் கட்டலாம் என்று நம்பிவிடுகிறார். நான்கு பக்கமும் கார்பன் பதிலிகள் கொண்ட இரட்டைப் பிணைப்பைக் கேட்டால், தயங்காமல் கீட்டோனையும் இரண்டாம் நிலை இலைடையும் எழுதுகிறார். ஐசோபுரோப்பிலிடீன்சைக்ளோபென்டேனைச் செய்யச் சொன்னால் ஒரு வெட்டில் சைக்ளோபென்டனோனும் ஐசோபுரோப்பைல் இலைடும் வருகின்றன. பருமனான, காரத்தன்மை மிகுந்த இலைடும், புரோட்டானை எளிதில் தரும் கீட்டோனும் சந்திக்கின்றன. மறு வெட்டில் அசிட்டோனும் சைக்ளோபென்டைல் இலைடும். அதன் உப்பைச் செய்வதே பாடு, பிறகு அதே கீட்டோன் சிக்கல். இரண்டு வெட்டும் மோசமானவை. "இங்கே விட்டிக் வேண்டாம், வேறு வழி பார்" என்பதே சரியான விடை. இரண்டையும் சரி என்று திருத்திப் பழகிய ஆசிரியரால் அந்த விடையை எதிர்பார்க்கவே முடியாது.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். "இந்த ஆல்கீனை விட்டிக் வினையால் தொகுக்கவும்" என்ற வினாவை விட்டுவிடுங்கள். "இரு வெட்டுகளையும் வரைக. எதைத் தேர்வீர்கள்? மற்றதை ஏன் தள்ளுகிறீர்கள்?" என்று கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியைக் கடைசிக் கேள்விக்கு வையுங்கள்.